ஒரு பக்கக் கடிதத்துக்குப் பதினொரு நாள்

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். என் வார்டு இளம் வைத்தியப் பெடியன் ஒருவனுக்காக ஒரு பக்கச் சிபாரிசுக் கடிதம் எழுத எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு நாளில் மூன்று கடிதம் எழுதினேன். முதலாவதை வாசிக்கிறவர் அந்தப் பெடியனுக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பார். இரண்டாவதை வாசிக்கிறவர் அவனை ஆஸ்பத்திரி வாசலில்கூட விட்டிருக்கமாட்டார். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை. இரண்டிலும் நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

யுத்த காலம். மன்னார்த் தீவில் அப்போது நான் ஒருவன்தான் பொது வைத்திய நிபுணன். வேறு ஆள் இல்லாத இடத்தில் நிபுணனாக இருப்பது பெரிய காரியமில்லை. நெஞ்சு, வயிறு, காய்ச்சல், பாம்புக்கடி எல்லாம் என்னிடம்தான் வரும். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் இருந்தார்கள். ஆமியிடம் பாஸ் எடுத்து, பாதை திறந்திருந்து, லீவும் கிடைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களைப் பார்க்கலாம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது குறைவு.

ஊரடங்கு தொடங்கினால் ஆஸ்பத்திரிக் கோட்டர்ஸில் நானும் வானொலியும். பற்றரி தட்டுப்பாடான கிழமைகளில் நான் மட்டும். செய்தி வாசிக்கிறவருடன் கதைக்கிற பழக்கம் எனக்கு எப்போது தொடங்கியது என்று தெரியாது. ஒருநாள் அவர் வணக்கம் சொன்னபோது நானும் வணக்கம் சொல்லி, கதிரையை விட்டு எழும்பியும் விட்டேன். பிறகு யாராவது கண்டார்களா என்று யன்னலைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே ஒரு கழுதை நின்றது. தீவில் கழுதைகளுக்குக் குறைவில்லை; அன்று உள்ளேயும் ஒன்று இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெடியன் என் வார்டுக்கு வந்தான். வங்காலைக் கடற்தொழில் குடும்பம். யாழ்ப்பாணத்தில் படித்து, பயிற்சி முடித்து, சொந்த மாவட்டத்துக்கே வேலை கேட்டு வந்தவன். சொந்த மாவட்டத்துக்கு வர விரும்பியவனைக் கண்டு கந்தோரில் உள்ளவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு வருடம் எனக்குக் கீழே வேலை செய்தான். பக்கத்துக் கோட்டர்ஸ் அவனுடையது. பின்னேரங்களில் வந்து என்னுடன் டாம் ஆடுவான். நான் கள்ள ஆட்டம் ஆடுவேன். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், அந்தக் காய் நடந்துதோ, பறந்துதோ" என்பான். அந்த ஒரு மணித்தியாலம்தான் அன்றைய நாளில் நான் யாருடனும் நோயைப் பற்றிக் கதைக்காத நேரம்.

எங்களிடம் மனநல வைத்தியர் இல்லை. வவுனியாவிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வரவேண்டும். பாதை மூடினால் வரமாட்டார். ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, செவ்வாய்க்கிழமைகளில் இவன் ஒரு கிளினிக் நடத்தினான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. முதல் செவ்வாய் மூன்று பேர் வந்தார்கள். அதில் இருவர் ஊசிக்கு வந்து வரிசை மாறியவர்கள். ஆறு மாதத்தில் வந்தவர்கள் இருக்க வெளியே போட்ட வாங்கு போதாமல் போய்விட்டது.

ஒரு பின்னேரம் பலகையை விரித்துவிட்டு, காயை அடுக்காமல் இருந்தான்.

"சேர், அமெரிக்காவில சைக்கியாட்ரி ரெசிடென்சிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடுறன்."

அந்த நாட்டுப் பரீட்சைகளைக் கொழும்பில் எழுதிச் சித்தியடைந்தது எனக்குத் தெரியும். லீவுக்குக் கையெழுத்து வைத்தவனே நான்தான். இருந்தாலும் பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லாரும் போய்விடுவதில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

"நல்லது. எப்ப?" என்றேன்.

"மூண்டு பேரிட்ட கடிதம் வேணும். புரொபெசர் ஒண்டு தாறார். வவுனியாவில இருந்து வாற சேரும் தாறார். மற்றது நீங்கள்."

"நான் நெஞ்சும் வயிறும் பாக்கிற வைத்தியன். எனக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்?"

"என்னைப் பற்றித் தெரியும் தானே, சேர். தினம் என்ர வேலையைப் பாத்தது நீங்கள் மட்டும்தான். அங்க இருக்கிறவையும் அதைத்தான் கேக்கினம்."

அவர்கள் கேட்கிற கேள்விகள் அடித்த ஒரு தாளைத் தந்தான். எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும். உங்களிடம் வேலை செய்த மற்றவர்களுடன் ஒப்பிட்டால் எப்படி. எதில் முன்னேற வேண்டும். உங்கள் சொந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்வீர்களா. அடியில் அவனுடைய கையெழுத்து இருந்தது: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

"இதென்ன, நீர் பார்க்க ஏலாதோ?"

"பார்க்கமாட்டன் எண்டு எழுதிக் குடுத்தாத்தான், எழுதுறவர் பயமில்லாமல் எழுதினவர் எண்டு நம்புவினம். நீங்கள் ஒட்டி, ஒட்டின இடத்தில கையெழுத்து வைச்சு நேர அனுப்பவேணும். இந்த மாத முடிவுக்குள்ள போகேல்லை எண்டா விண்ணப்பம் அரைகுறையாக் கிடக்கும். அடுத்த வருசம்தான்."

அடுத்த வருடம் என்பது அந்த நாட்களில் ஒருவரும் துணிந்து வாயால் சொல்லாத சொல்.

முதல் கடிதத்தை அரை மணித்தியாலத்தில் எழுதினேன். இருபது வருடமாக நற்சான்றிதழ் எழுதிப் பழகிய கை. எங்கள் ஊரில் சான்றிதழ் என்றால், கேட்டவன் கையிலேயே கொடுப்பது; அவன் அதை வீட்டில் வாசித்துக் காட்டுவான்; தாய் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைப்பாள். ஆகவே அதில் குறை எழுதுகிற வழக்கமே இல்லை. கந்தோரில் தட்டச்சு செய்கிறவர் நான் சொல்லச் சொல்ல அடித்தார். நான் சொல்லாததையும் சேர்த்து அடித்தார், அவருக்கு அது பாடம். கடிதத்தில் அவன் மரியாதையான குடும்பத்தைச் சேர்ந்தவன் என்றும், மதுப்பழக்கம் இல்லாதவன் என்றும், அரசாங்கத்துக்கு எதிரான நடவடிக்கைகளில் ஈடுபடாதவன் என்றும் இருந்தது. இறப்பர் முத்திரையும் குத்தினேன். அழகாகத்தான் இருந்தது. பாஸ் எடுக்கவும் பெண் எடுக்கவும் உதவும். எந்த அரசாங்கத்துக்கு எதிராக என்று அமெரிக்காவில் ஒருவர் யோசிப்பதை நினைத்தபோதுதான், அந்தத் தாள் கேட்ட நாலு கேள்வியில் ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை என்பது உறைத்தது.

கிழித்தேன். இனி உள்ளதை எழுதுவோம் என்று இருந்தேன்.

உள்ளது என்னவென்றால், ஓலைத்தொடுவாயிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. பத்தொன்பது வயது இருக்கும். சாகவென்று மஞ்சள் அலரிக்கொட்டையை அரைத்துச் சாப்பிட்டு வந்தவள். அந்த நாட்களில் எங்கள் வார்டில் எப்போதும் ஒரு கட்டிலாவது அலரிக்கு என்று இருக்கும். கரி கொடுத்து, அட்ரொபின் போட்டு, நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவள் நெஞ்சு நாலாம் நாள் ஒழுங்குக்கு வந்தது. தாய் கட்டிலை விட்டு நகரவில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகள் தனிய, ஷெல் அடிக்கிறான், விடுங்கோ டொக்டர் என்று மன்றாடினாள். பெடியன் விட்டான். பெண்பிள்ளையுடன் தனியாக ஒரு வார்த்தை கதைக்காமல் விட்டான். தாய் பக்கத்தில் இருக்கும்போது அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொன்னாள். ஒன்பதாம் நாள் திரும்ப வந்தாள், முன்னையதைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டு. நாடி நாற்பதுக்குக் கீழே. இரண்டு இரவு அவன் அந்தக் கட்டிலருகிலேயே இருந்தான். பிழைத்தாள். கட்டிலில் தொங்குகிற நோயாளியின் டிக்கட்டில், சிகிச்சைக் குறிப்புக்குக் கீழே, தன் கையால் எழுதினான்: முதல் தடவை நோயாளியுடன் தனியாகப் பேசாமல் அனுப்பினேன், இது என் பிழை. டிக்கட்டில் அப்படி ஒருவர் எழுதி நான் அதற்கு முன் கண்டதில்லை. பிழை வந்தால் பேனையில் மை முடிந்துபோவதுதான் எங்கள் வழக்கம்.

இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத எனக்கு நியாயவான் என்ற மிதப்பு வந்தது. உறவினர் அழுதால் இவனால் மறுக்க முடியாது என்று எழுதினேன். ஒரு நோயாளியுடன் ஒரு மணித்தியாலம் இருந்து, வெளியே எண்பது பேரைக் காக்க வைப்பான் என்று எழுதினேன். ஒரு பெரிய ஷெல் வீச்சுக்குப் பிறகு சில கிழமை நித்திரையில்லாமல் இருந்ததை, ஒருநாள் டாம் பலகைக்கு முன்னால் இருந்து அழுததை எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: இந்தத் துறையின் பாரத்தைத் தாங்குவதற்கு, இங்கே இன்னும் ஓரிரு வருடம் என் மேற்பார்வையில் அனுபவம் பெறுவது அவருக்கு நன்மை பயக்கும்.

என் மேற்பார்வையில். அதை எழுதிவிட்டுப் பேனையை மூடிவைத்தேன்.

தட்டச்சுக்குக் கொடுக்கமுன் திகதிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று, அந்தப் பெண்பிள்ளையின் பழைய டிக்கட்டை எடுத்துத் தரும்படி வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பிறகு குடிவந்த குடும்பத்தில் மூத்த பிள்ளை. தகப்பன் வயல்களில் நாள்கூலி. அந்த வார்டில் என்னை மதிக்கிற மாதிரி நடிக்காத ஒரே ஆள். ஏன் என்று கேட்காமல் தேடிக் கொண்டுவந்து, சரியான பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"திகதி கிடக்கு, சேர்."

"பெடியன்ர கையெழுத்து இதுதானே?"

"ஓம். கீழ உங்கட கையெழுத்தும் கிடக்கு."

கிடந்தது. முதல் தடவை அவளை அனுப்பியபோது, 'அனுப்பலாம்' என்று அவன் எழுதியதற்குக் கீழே, என்னுடைய சுருக்கக் கையெழுத்து. அன்று காலை ரவுண்டில் அந்தக் கட்டிலருகே நான் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்? நெஞ்சுக் கருவியின் தாளைப் பார்த்தேன், நல்லது என்றேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன். நானும் அவளுடன் தனியாகக் கதைக்கவில்லை. தாயுடன்கூடக் கதைக்கவில்லை. என் கடிதத்தில் அந்தக் கையெழுத்து இல்லை.

"சிஸ்டர், இந்தப் பிள்ளை திரும்ப வந்த பிறகு வார்டில என்ன மாறினது?"

"அலரிக் கேஸ் ஒண்டும் சும்மா அனுப்புறேல்லை. உங்கட அறையைத் தாங்கோ எண்டு என்னட்டக் கேட்டவர். ஆக்களை வெளியில விட்டிட்டு, கதவைச் சாத்தி இருந்து கதைப்பார். அனுப்பேக்க கிளினிக் திகதி குடுப்பார். வராட்டிச் சைக்கிள எடுத்துக்கொண்டு போவார். என்ர தேத்தண்ணிக் கோப்பையைத்தான் ஒவ்வொரு தரமும் வெளியில கொண்டு போகவேண்டிக் கிடக்கு."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை, சேர்."

கோட்டர்ஸுக்குப் போய் இரண்டாவது கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். அதில் வசனம் வசனமாக உண்மைதான் இருந்தது. ஆனால் அதை எழுதியது வைத்தியன் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதன். அவனுக்கு ஆள் வேண்டும். ஆளைப் பிடித்து வைக்க வேறு வழி தெரியாமல், நேர்மை என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் டாமில் செய்கிற கள்ளத்தைவிட இது பெரியது. டாமில் அவனுக்கு நான் காய் நகர்த்துவது தெரியும். கடிதத்தை அவன் பார்க்க முடியாது.

அடுத்த நாள் பலகையை விரிக்கமுன் அவனிடம் சொன்னேன்.

"தம்பி, அந்தக் கடிதத்தில ஓலைத்தொடுவாய்ப் பிள்ளையைப் பற்றி எழுதப் போறன். நீர் பாக்க ஏலாதபடியா முகத்துக்கு முன்னால சொல்லுறன். வேண்டாம் எண்டா இப்ப சொல்லும். வேற ஆளைப் பிடிக்க இன்னும் நாள் இருக்கு."

கொஞ்ச நேரம் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"எழுதுங்கோ. அதை விட்டா நான் ஏன் இந்தத் துறைக்குப் போறன் எண்டு அவைக்கு விளங்காது."

"நான்தான் அனுப்பச் சொன்னது எண்டும் எழுதுவன்."

"அது உங்கட பிரச்சினை, சேர்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா அந்த நித்திரையில்லாத கதை…"

"அதை எழுதினனான். கிழிச்சுப்போட்டன்."

"அதை நான் உங்களிட்ட கதைச்சது வேற மாதிரி. வேலையில ஒரு நாளும் குறை வைக்கேல்லை."

"வைக்கேல்லை."

"சொல்லவேணும் எண்டா நானே சொல்லுறன். நீங்கள் சொல்லவேண்டாம்."

"ஓம்" என்றேன். இதைக்கூட ஒரு பெடியன் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நோயாளியின் இரகசியத்தை இருபது வருடம் காத்தவன், கூட்டாளியின் இரகசியத்தை இரண்டு பக்கம் தட்டச்சு செய்யக் கொடுக்கப் பார்த்தேன்.

மூன்றாவது கடிதத்தை நானே தட்டினேன், ஒரு விரலால். இரண்டு வருடம் தினமும் இவருடைய வேலையைப் பார்த்திருக்கிறேன். நான் மனநல வைத்தியன் அல்ல, ஆகவே அந்தத் துறையின் அறிவை மதிப்பிடத் தகுதியற்றவன் என்று தொடங்கினேன். அவன் நடத்திய கிளினிக்கைப் பற்றி எழுதினேன். அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதினேன்: பிழை நடந்தது, அதற்கு நான் ஒப்புதல் கையெழுத்து வைத்தேன், அதை முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்டவர் நானல்ல அவர், அதன்பின் எங்கள் வார்டின் வழக்கத்தை மாற்றியவரும் அவரே. முன்னேற வேண்டியது எது என்பதற்கு, மன்றாடுகிற உறவினரிடம் இல்லை என்று சொல்வதும் நேரத்தைப் பங்கிடுவதும் இன்னும் வரவில்லை, நல்ல மேற்பார்வை இருந்தால் வரும் என்றேன். என்னிடம் வேலை செய்த இளம் வைத்தியர்களில் இவருக்கு நிகராக ஒருவரை மட்டுமே சொல்ல முடியும் என்றேன். சொந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு, ஓம், தயக்கமில்லாமல், என்று ஒரு வரி. அந்த வரியைத் தட்டத்தான் அதிக நேரம் பிடித்தது.

உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்து வைத்து, நோயாளி ஒருவரை அநுராதபுரத்துக்கு ஏற்றிப்போன அம்புலன்ஸ் சாரதியிடம், அங்கிருந்து தபாலில் போடும்படி கொடுத்தேன். எங்கள் தபால் எப்போது போகும் என்று தபால்காரருக்கே தெரியாது. பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். ஒட்டிய உறை சோதனைச் சாவடி தாண்டாது என்பதை, ஒவ்வொரு பயணத்திலும் அதே சாவடியில் என் சோற்றுப் பார்சலையே பிரித்துக் காட்டுகிற நான் மறந்துபோனேன்.

சாரதி மறுநாள் சந்தோஷமாக வந்தார்.

"ஆமிக்காரன் உறையை உடைச்சவன், சேர். உள்ள வேற ஒண்டும் இல்லை எண்டு பாத்திட்டுத் தந்திட்டான். நான் விடேல்லை. அம்புலன்ஸில பிளாஸ்ரர் கிடந்தது. நல்லா இறுக்கி ஒட்டிப் போட்டு விட்டனான்."

பார்க்கமாட்டேன் என்று ஒருவன் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம், உடைத்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரால் கட்டுப்போட்டு, அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெடியன்தான் பிரித்தான் என்று அவர்கள் நினைத்தால் அவ்வளவுதான். அன்றே நாலு வரி எழுதினேன்: உறையை உடைத்தது பாதுகாப்புச் சாவடி, விண்ணப்பதாரி அல்ல, இங்கே எல்லா உறைக்கும் இதுதான் விதி. புதிய பிரதி ஒன்றில் கையெழுத்து வைத்து அதனுடன் சேர்த்தேன். கொழும்பு போன ஒரு கத்தோலிக்கச் சுவாமியிடம் திறந்தபடி கொடுத்து, அங்கே ஒட்டித் தபாலில் போடச் சொன்னேன். இதற்குப் பத்து நிமிடம்தான் எடுத்தது.

இரண்டும் போய்ச்சேர்ந்தன. கனடாவில் இருந்த அவனுடைய மாமா டிக்கெட் போட்டுக்கொடுக்க, நேர்முகத்துக்குப் போய் வந்தான். மருந்துகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லையாம். ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் அரை மணித்தியாலம் கேட்டார்களாம். மார்ச் மாதத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தது. வங்காலைக் கோயிலில் பூசை கொடுத்தார்கள். தகப்பன் எனக்கு ஒரு பெரிய பாரை மீன் கொண்டுவந்து தந்தார். தனியாள் சாப்பிடுகிற மீன் இல்லை அது. வார்டு முழுக்கக் கொடுத்தேன்.

அவன் போன திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, பழக்கதோஷத்தில் பலகையை விரித்துவிட்டேன். எனக்கு எதிராக நானே ஆடினேன். இரண்டு பக்கமும் கள்ள ஆட்டம் என்றபடியால் ஆட்டம் முடியவில்லை. வானொலியைப் போட்டேன். செய்தி வாசிக்கிறவர் அன்று நான் கேட்ட ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

செவ்வாய் காலை ரவுண்டு. மூன்றாம் கட்டிலில் அலரி. சிஸ்டர் தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வெளியே யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் அந்த ஆளுடன் தனியாக இருந்து கதைக்க வேண்டியவன் இனி நான்தான். எனக்கு அது வராது. வாசலிலேயே நின்று, பகிடி விடுகிற மாதிரி, ஆனால் முழுக்கப் பகிடியாக இல்லாமல், சொன்னேன்.

"சிஸ்டர், நான் அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் மோசமா எழுதியிருந்தா, ஆள் இப்ப இஞ்சதான் நிண்டிருப்பான்."

"அப்ப நான் இடமாற்றம் கேட்டுப் போயிருப்பன், சேர்."